பழைய கலியாண வீடியோவை அகலத் திரைக்குக் கொண்டுவருதல்: எந்த வழி எப்போது சரி?

வன்னியில் 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு எடுத்த கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு வீடியோக்களுக்கு இப்போது தேவை வந்திருக்கிறது. அன்று மணவறையில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு இன்று கலியாணம். அப்பா அம்மாவின் தாலிகட்டை ஐந்து நிமிடப் படமாக வெட்டி மண்டபத்தில் பெரிய திரையில் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில் இருந்த மூலக் கசெற் 2009 இடம்பெயர்வோடு போய்விட்டது. லண்டனுக்கோ பாரிசுக்கோ கனடாவுக்கோ உறவினருக்கு அனுப்பிய பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. அதை யாரோ ஒருவர் டிவிடியாக மாற்றி, அந்த டிவிடியிலிருந்து ஒரு கோப்பு திரும்பி வருகிறது.

அந்தக் கோப்பைக் கையில் எடுத்ததும் இரண்டு கேள்விகள் வருகின்றன. கை அசையும்போது சீப்புப் பல்போலத் தெரியும் கோடுகளை எப்படி எடுப்பது? நாலுக்கு மூன்று படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரையில் எப்படி வைப்பது? இரண்டுக்கும் பல வழிகள் உண்டு. எல்லாக் காட்சிக்கும் ஒரே வழி பொருந்தாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் நான்கு விடயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, அசைவு. அறுகரிசி போடும் கை, தவில் அடிக்கும் கை, ஓடித் திரியும் பிள்ளைகள் இயல்பாக அசைய வேண்டும்.

இரண்டாவது, சட்டத்தின் ஓரங்களில் என்ன இருக்கிறது என்பது. அந்தக் காலத்து வீடியோக்காரர் நாலுக்கு மூன்றை நிரப்பித்தான் எடுத்தார். மேலே தலைப்பாகை, கீழே காலில் விழும் பெண், மூலையில் திகதி.

மூன்றாவது, திரும்பி வர முடியுமா என்பது. சில தவறுகளைத் திட்டக் கோப்பைத் திறந்து மாற்றிவிடலாம். சில தவறுகள் படத்துக்குள்ளேயே வெந்துவிடும்.

நான்காவது, கடைசியில் எங்கே பார்க்கப் போகிறார்கள் என்பது. மண்டபத் திரைக்கும் கைபேசிக்கும் ஒரே விடை இல்லை.

## அதற்கு முன், கோப்பு என்ன நிலையில் இருக்கிறது?

இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு வழிகளை ஒப்பிடுவதில் பயனில்லை. VLCயில் கோப்பைத் திறந்து, யாராவது கையை வேகமாக அசைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். D விசையை அழுத்தி அதன் கோடு நீக்கும் வசதியை நிறுத்திவிட்டு, E விசையால் ஒவ்வொரு பிரேமாக நகருங்கள். நான்கில் ஒன்றைக் காண்பீர்கள்.

கையின் ஓரத்தில் நேர்த்தியான, ஒரு வரி தடிப்புள்ள சீப்புப் பற்கள் தெரிந்து, படத்தின் உயரமும் 576 ஆக இருந்தால் நல்ல செய்தி. இது கலப்படமில்லாத இன்ரர்லேஸ் படம். ஒவ்வொரு பிரேமுக்குள்ளும் ஐம்பதில் ஒரு நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு அரைப் படங்கள் இருக்கின்றன. ஒன்று ஒற்றை வரிகளில், மற்றது இரட்டை வரிகளில், தலா 288 வரிகள். இவற்றை ஃபீல்ட் என்கிறோம். நொடிக்கு 25 பிரேம் என்றால் உள்ளே 50 ஃபீல்ட்.

பற்கள் தடித்து, அலைபோல வளைந்து, உயரம் 720 அல்லது 1080 என்று இருந்தால் யாரோ கோடுகளைப் பிரிக்காமலேயே பெருப்பித்துவிட்டார்கள். ஒற்றை வரியும் இரட்டை வரியும் கலந்துபோனதால் இதை இனி ஒழுங்காகப் பிரிக்க முடியாது. டிவிடியையே கேளுங்கள். VIDEO_TS என்ற கோப்புறையை அப்படியே அனுப்பச் சொன்னால் போதும். உள்ளே VTS_01_1.VOB போன்ற பெயரில் மூலம் இருக்கும்.

பற்களே இல்லாமல் ஒரு கைக்குப் பதில் இரண்டு மங்கல் கைகள் தெரிந்தால் ஃபீல்ட்களைக் குழைத்துவிட்டார்கள். கனடாவில் எடுத்த கசெற்றை நமது ரிவி முறைக்கு மாற்றிய பிரதிகளில் இது அடிக்கடி வரும். அங்கே நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபீல்ட், இங்கே 50. மாற்றும் கருவி இரண்டையும் கலந்துதான் கணக்கை ஒப்பேற்றியிருக்கும். மூலக் கசெற் கிடைத்தால் ஒழிய இதற்கு மருந்தில்லை. இருக்கிறபடியே 25இல் பயன்படுத்துங்கள்.

நான்காவது, 352க்கு 288 அளவுள்ள விசிடி. அதில் கோடு பிரிக்கவே ஒன்றுமில்லை. வாசகர் ஒருவர் விசிடிக் கோப்புக்கு விதவிதமான மென்பொருள் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றமே இல்லை என்று எழுதியிருந்தார். மாற்றம் வராது. அது ஏற்கெனவே பாதி வரிகளோடுதான் பிறந்தது.

எந்த ஃபீல்ட் முதலில் வருகிறது என்பதும் தெரிய வேண்டும். மினிடிவி கசெற்றிலிருந்து நேரடியாக எடுத்ததில் கீழ் ஃபீல்ட் முதலில் வரும். டிவிடியில் பெரும்பாலும் மேல் ஃபீல்ட் முதலில், ஆனால் உறுதியில்லை. ffmpeg மென்பொருளின் இந்தக் கட்டளை எண்ணிச் சொல்லும்:

```
ffmpeg -i VTS_01_1.VOB -vf idet -frames:v 1000 -an -f null -
```

கடைசியில் வரும் Multi frame detection வரியில் TFF அதிகமானால் மேல் முதலில், BFF அதிகமானால் கீழ் முதலில். அசைவு நிறைந்த பகுதியில்தான் இதற்கு அர்த்தமுண்டு. தொடக்கத்தில் பிள்ளையார் படமும் பெயர் எழுத்தும் மட்டும் ஓடினால் Undetermined என்றே குவியும். அப்படியானால் `-i` க்கு முன் `-ss 600` என்று போட்டுப் பத்து நிமிடம் தள்ளித் தொடங்குங்கள்.

## கோடு பிரிப்பதில் மூன்று வழிகள்

### ஒன்றும் செய்யாமல் எடிட்டரில் போடுவது

வேலை மிச்சம் என்று தோன்றும். செலவு பிறகு வரும். திட்டம் 1920க்கு 1080 என்றால் எடிட்டர் படத்தைப் பெருப்பிக்கும். கோப்பு இன்ரர்லேஸ் என்பதை அது உணராவிட்டால், மேலே சொன்ன தடித்த அலைக் கோடுகளை உங்கள் கையாலேயே உண்டாக்குவீர்கள். படத்தை மேலே கீழே நகர்த்தினாலும் சிக்கல்தான். ஒரு வரி நகர்ந்தால் ஒற்றை இரட்டையாகி ஃபீல்ட் வரிசை தலைகீழாகும்.

இது சரியாக வரும் இடம் ஒன்றுதான். அகலத் திரைக்கே கொண்டுபோகாமல், அதே 576 வரி அளவில் வெட்டி ஒட்டி மீண்டும் டிவிடியாகவே எழுதுவது. அப்போது கோடுகளைத் தொடாமல் விடுவதே நல்லது.

### 25 பிரேமாக மாற்றுவது

இரண்டு ஃபீல்ட்களில் ஒன்றை அடிப்படையாக வைத்து, அசையும் இடங்களில் மற்றதன் வரிகளை ஊகித்து நிரப்பும் முறை. அசையாத இடங்களில் 576 வரிகளும் காப்பாற்றப்படும். கோப்பு சிறிது, பழைய மடிக்கணினியிலும் சோர்வில்லாமல் ஓடும், 25 பிரேமில் எடுத்த மற்றக் காட்சிகளோடு சுலபமாகச் சேரும்.

மறைந்திருக்கும் செலவு அசைவில் பாதி போவது. கசெற்றில் வழுவழுப்பாக இருந்த நடை, கமரா பக்கவாட்டில் திரும்பும் இடங்களில் விட்டு விட்டுத் தெரியும். எழுத்து, நேர்காணல், அமர்ந்து பேசுவோர், படங்களைக் காட்டும் காட்சி என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கோவில் காவடியில் உடனே தெரியும்.

### 50 பிரேமாக மாற்றுவது

ஒவ்வொரு ஃபீல்ட்டையும் முழுப் பிரேமாக விரிப்பது. கசெற்றில் இருந்த அசைவு முழுவதும் கிடைக்கும். எனது தெரிவு இதுதான். காரணம் அழகு மட்டுமல்ல. 50இலிருந்து 25ஐ எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 25 ஆக்கியபின் 50க்குப் போக முடியாது. மூலம் ஒரே ஒரு டிவிடி, அதுவும் வேறு நாட்டில் ஒருவரின் அலுமாரியில் என்னும்போது இந்த வித்தியாசம் பெரியது.

செலவு என்னவென்றால் பிரேம் இரட்டிப்பாவதால் மாற்றும் நேரமும் கோப்பின் பருமனும் கூடும். ஃபீல்ட் வரிசை பிழைத்தால் சேதமும் இங்கேதான் வெளிப்படையாகத் தெரியும். கை முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போகும். மாற்றிய கோப்பை E விசையால் பத்துப் பிரேம் நகர்த்திப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். யூடியூபில் போடுவதானால் இன்னொன்றையும் கவனியுங்கள். 720 வரிக்குக் குறைந்த அளவில் அங்கே 50 பிரேம் கிடைக்காது. 576 வரியிலேயே ஏற்றினால் பட்ட பாடு வீண். 1080க்குப் பெருப்பித்தபின் ஏற்றுங்கள்.

கட்டளை தட்டுவதில் விருப்பமில்லாதவர்கள் HandBrake மென்பொருளில் Filters பகுதியில் Deinterlace என்பதற்கு Bwdif, அதன் Preset இற்கு Bob, Video பகுதியில் Framerate இற்கு Same as source என்று தெரிவு செய்தால் இதே 50 பிரேம் கிடைக்கும். Bob என்று போடாமல் விட்டால் 25தான்.

கோடு பிரிக்கும் இன்னொரு முறையான QTGMC நல்லதா என்றும் கேட்கிறார்கள். நல்லதுதான். கூறைச் சேலைச் சரிகைக் கரை, விறாந்தைச் சீமெந்துப் படிகள் போன்ற மெல்லிய கிடைக் கோடுகள் Bwdifஇல் இலேசாகத் துடிக்கும். QTGMC அதை அடக்கிவிடும். ஆனால் AviSynth அல்லது VapourSynth நிறுவி, ஸ்கிரிப்ட் எழுதி, பல மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். கூடவே அது கசெற்றின் மணல்போன்ற இரைச்சலையும் தேய்த்து, சில முகங்களை மெழுகுபோல ஆக்கும். ஐந்து நிமிடப் படத்துக்கு Bwdif போதும். ஆவணப் படமாக நிரந்தரமாக வைக்கப் போகிறீர்கள் என்றால் QTGMCக்கு நேரம் கொடுங்கள்.

## முகம் மெலிந்தா இருக்கிறது?

அகலத் திரையில் வைப்பதற்கு முன் நாலுக்கு மூன்று சரியாக நாலுக்கு மூன்றாக இருக்க வேண்டும். கோப்பின் அளவு 720க்கு 576. அதை அப்படியே சதுரப் பிக்சலாக எடுத்தால் ஐந்துக்கு நாலு வடிவம் வரும். ஆட்கள் கொஞ்சம் மெலிவாகத் தெரிவார்கள். மெலிவாகத் தெரிகிறேன் என்று எவரும் முறையிடுவதில்லை, அதனால்தான் இந்தப் பிழை இத்தனை வீடியோவில் வாழ்கிறது. வட்டமான ஒரு பொருளைத் தேடுங்கள்: சுவர் மணிக்கூடு, நேராகக் காட்டிய தவில் முகம், வானின் சில்லு. அது முட்டை வடிவமாக நின்றால் அகலம் பிழை.

உண்மையான நாலுக்கு மூன்று படம், 720இல் நடுவில் உள்ள ஏறத்தாழ 704 பிக்சல்தான். இரு பக்கமும் எட்டெட்டுப் பிக்சல் கறுப்பு ஓரம். அதை வெட்டிவிட்டு 1440க்கு 1080 ஆக்கினால் கணக்குச் சரி. கோடு பிரிப்பதும் இதுவும் ஒரே கட்டளையில் முடியும்:

```
ffmpeg -i VTS_01_1.VOB -vf "bwdif=mode=send_field:parity=tff,crop=704:576:8:0,scale=1440:1080:flags=lanczos:in_color_matrix=bt601:out_color_matrix=bt709,setsar=1" -c:v libx264 -crf 16 -colorspace bt709 -c:a aac -b:a 192k kalyanam_50p.mp4
```

வரிசை முக்கியம்: bwdif முதலில், scale பிறகு. கீழ் ஃபீல்ட் முதலில் என்றால் tff இருக்கும் இடத்தில் bff. நிறம் பற்றிய இரண்டு சொற்களையும் விட்டுவிடாதீர்கள். பழைய ரிவி நிறக் கணக்கை உயர் தெளிவுக் கணக்காக மாற்றுவது அவைதான். இல்லாவிட்டால் கூறையின் சிவப்பு இலேசாகத் திரும்பிவிடும்.

வீஎச்எஸ் பிரதியில் படத்தின் அடியில் கிழிந்து துடிக்கும் ஒரு மெல்லிய பட்டை இருக்கும். பழைய ரிவி அதைச் சட்டத்துக்குள் மறைத்தது, இன்றைய திரை மறைக்காது. `crop=688:564:16:0` என்று மாற்றினால் அடியில் 12 வரி போய், விகிதமும் கெடாமல் இருக்கும்.

## அகலத் திரையில் எப்படி வைப்பது

| வழி | என்ன இழப்பு | எப்போது நல்லது |
|---|---|---|
| இரு பக்கமும் கறுப்பு | திரையில் கால்வாசி வெறுமை | நீண்ட காட்சி, மண்டபத் திரை, சட்டம் நிரம்பிய படம் |
| மேலும் கீழும் வெட்டுதல் | படத்தின் உயரத்தில் கால்வாசி | வானமும் தரையும் வெறுமையான காட்சி |
| பக்கங்களில் மங்கல் படம் | கவனம் சிதறும் | சில நொடித் துண்டு, கைபேசியில் பார்ப்பது |
| இழுத்து அகலமாக்குதல் | ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருப்பார்கள் | அகல முறையில் எடுத்து ஒடுங்கி நிற்கும் கோப்பு மட்டும் |

கறுப்புப் பக்கங்களை "பழசாகத் தெரிகிறது" என்று வெறுப்பவர்கள் பலர். பழசுதானே. இருட்டிய மண்டபத்தில் புரொஜெக்ரர் திரையில் அந்தக் கறுப்பு கண்ணுக்கே தெரியாது, படம் மட்டும் நிற்கும். 576 வரி 1080 ஆகும்போது 1.875 மடங்குதான் பெருக்கம்.

வெட்டும்போது 576இல் 432 வரிதான் மிஞ்சும், அது 2.5 மடங்கு பெருக்கமாகும். வீஎச்எஸ் பிரதியின் பிரதிக்கு இது கொடுமை. மினிடிவி மூலத்துக்குத் தாங்கும். இதன் மறைவான செலவு நேரம். எல்லாக் காட்சிக்கும் நடுவில் வெட்டினால் தலை போகும். ஒவ்வொரு காட்சிக்கும் சட்டத்தை மேலே கீழே நகர்த்தி வைக்க வேண்டும், கமரா அசைந்தால் அதோடு சேர்த்து நகர்த்த வேண்டும். ஒரு மணி நேர வீடியோவுக்கு இது பல நாள் வேலை. ஸ்ரூடியோவில் கொடுத்தால் அதற்கேற்றபடி கேட்பார்கள்.

மங்கல் பக்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. தாலிகட்டு நேரத்தில் பக்கத்தில் ஒரு மங்கல் ஐயரும் அசைந்துகொண்டிருப்பார். கட்டாயம் வேண்டுமென்றால் அசையாத ஒற்றை நிறமோ, நன்றாக இருட்டாக்கிய மங்கலோ போடுங்கள்.

இழுப்பதற்கு ஒரே விதிவிலக்கு உண்டு. அந்தக் காலத்துச் சில மினிடிவி கமராக்களில் அகல முறை இருந்தது. அதில் எடுத்ததும் 720க்கு 576 ஆகத்தான் பதிவாகும், ஆனால் ஆட்கள் நன்றாகவே ஒடுங்கி நெடுத்து நிற்பார்கள். சில வீதத்து மெலிவல்ல, பார்த்ததும் தெரியும் மெலிவு. அதை 1920க்கு 1080 ஆக இழுப்பதுதான் திருத்தம். வேறு சில கமராக்கள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு நடுவில் அகலப் படத்தைப் பதிந்தன. அங்கே வெட்டுவதால் ஒரு இழப்பும் இல்லை.

## ஒரு கோப்பு, நான்கு காட்சி

புதுக்குடியிருப்பில் 2003இல் நடந்த ஒரு கலியாணம், வீஎச்எஸ் பிரதியிலிருந்து எழுதிய டிவிடி, மேல் ஃபீல்ட் முதலில், பற்கள் நேர்த்தி என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ஒருமுறை 50 பிரேமாக, 1440க்கு 1080 ஆக மாற்றியாயிற்று. இனி ஒவ்வொரு காட்சியாக.

தாலிகட்டு. சட்டம் முழுக்க ஆட்கள், அறுகரிசி பறக்கிறது, கீழ் மூலையில் திகதி. கறுப்புப் பக்கம், வெட்டக் கூடாது. அந்தத் திகதியை வெட்டினால் நாளை யாராவது எந்த வருடம் என்று கேட்பார்கள்.

அம்மம்மா ஆசீர்வதிக்கும் அண்மைக் காட்சி. தலை மேல் விளிம்பைத் தொடுகிறது, கைகள் கீழ் விளிம்பில். இதுவும் கறுப்புப் பக்கம். அவர் இன்று இல்லை என்றால், இந்தக் காட்சியைப் பெருப்பித்துப் பார்க்கும் ஆசை வரும். 2.5 மடங்கில் முகத்தில் விவரம் கூடாது, இரைச்சல்தான் கூடும்.

மாப்பிள்ளை அழைப்பு. வான் தெருவால் வருகிறது, மேலே வானம், கீழே செம்மண். தாராளமாக வெட்டலாம். கீழேயிருந்து அதிகம், மேலேயிருந்து குறைவாக.

பந்தி. இலைகளும் ஆட்களும் வரிசையாக நீள்வதால் வெட்டினாலும் நன்றாக இருக்கும். ஆனால் தாலிகட்டைக் கறுப்புப் பக்கத்தோடு வைத்துவிட்டு அடுத்த நொடி பந்தி முழுத் திரையில் வந்தால், பார்ப்பவருக்குச் சட்டம் குதிப்பதுபோல இருக்கும். அதனால் காட்சிக்குக் காட்சி மாற்றாமல் பகுதி பகுதியாக மாற்றுவேன். அழைப்புப் பகுதி முழுத் திரை, பெயர் எழுத்து ஒன்று, பிறகு மணவறை தொடங்கி முடியும்வரை, பந்தி உட்பட, கறுப்புப் பக்கம்.

## கைபேசிக் காட்சியோடு சேர்க்கும்போது

இன்றைய காட்சிகளைக் கைபேசியில்தான் எடுப்பீர்கள். அது வழக்கமாக நொடிக்கு 30 பிரேம். திட்டத்தை 30இல் வைத்தால் 50 பிரேம் கோப்பிலிருந்து எடிட்டர் ஒழுங்கற்ற இடைவெளியில் பிரேம்களை விட்டெறியும். நடப்பவர் தடக்கித் தடக்கி நடப்பார். திட்டத்தைத் தொடங்கும்போதே 50இல் வையுங்கள், கணினி தாங்காவிட்டால் 25இல். 50ஐ 25 ஆக்கும்போது ஒன்றுவிட்டொன்று சீராகப் போகும். கைபேசிச் செயலியில் 25 அல்லது 50 தெரிவு இருந்தால் புதிய காட்சிகளை அதிலேயே எடுங்கள். இல்லாவிட்டால் தடக்கல் கைபேசிக் காட்சியின் பக்கம் விழட்டும், அதைத் திரும்ப எடுக்கலாம்.

உறவினர் அனுப்பியது கனடாக் கமராவில் எடுத்த மூலமேயானால் கணக்கு மாறும். அது 720க்கு 480, பிரித்தால் நொடிக்கு ஏறத்தாழ 60. `crop=704:480:8:0` போட்டு அதே 1440க்கு 1080 ஆக்கலாம். அப்போது திட்டத்தை 59.94இல் வைத்தால் 30 பிரேம் கைபேசிக் காட்சிகளும் கிட்டத்தட்டத் தடக்கில்லாமல் சேரும். இரண்டு வகைக் கசெற்றும் ஒரே படத்தில் வந்தால் எதில் நிமிடங்கள் அதிகமோ அதன் வேகத்தைத் திட்டத்துக்கு வையுங்கள். மற்றதிலிருந்து அசைவு குறைந்த காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.